அரக்கு வெல்வெட், கிளிப்பச்சை சாட்டின்: முற்றத்து வெளிச்சப் படத்தில் உடை மாற்றிய பதிவு

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் முடித்து வீட்டுக்கு வந்ததும் தாழ்வாரத்தில் நின்று எடுத்த குடும்பப் படம் அது. தாத்தாவும் பாட்டியும் நடுவில், முன்னால் சின்னப் பேத்தி. அவளுக்குத் தைக்கக் கொடுத்திருந்த பாவாடை சட்டை அன்று வந்து சேரவில்லை, அதனால் வீட்டில் போடும் பூப்போட்ட கவுனோடே நிற்கிறாள். இப்போது படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட நினைக்கிறார்கள். "அந்த உடையைப் போட்டுக் கொடுங்களேன், பீரோவில் அப்படியே இருக்கு" என்றார் பாட்டி. அரக்கு நிற வெல்வெட் சட்டை, கிளிப்பச்சை சாட்டின் பாவாடை. பெண் வளர்ந்துவிட்டாள், இனி உடுத்தி எடுக்க முடியாது.

மயிலாடுதுறையில் என் ஸ்டூடியோவில் படம் எடுப்பதும் பிரிண்ட் போடுவதும் மட்டும்தான். இந்த மாதிரி உடை மாற்றும் வேலையை மன்னார்குடியில் இருக்கும் ஒரு தம்பிக்கு அனுப்புவேன். ஃபோட்டோஷாப்பில் மடிப்பு மடிப்பாக வரைகிற கை அவனுக்கு. ஆனால் அவன் அந்தத் துணியைத் தொட்டதில்லை, அந்த வீட்டையும் பார்த்ததில்லை. "அரக்கு வெல்வெட், பச்சை சாட்டின்" என்று எழுதி அனுப்பினால் அவன் மனதில் இருக்கும் ஏதோ ஒரு வெல்வெட்டும் ஏதோ ஒரு சாட்டினும் வரும். அவை வேறு ஏதோ ஒரு விளக்கின் கீழ் இருக்கும். படத்தில் ஒட்டாமல் தனியாகத் தெரிவது அதனால்தான். துணி எப்படி இருக்கும் என்று எழுதினால் போதாது, இந்த வெளிச்சத்தில் எந்த இடத்தில் எவ்வளவு தெரியும் என்று எழுத வேண்டும்.

அதற்கு முதலில் படத்தின் வெளிச்சத்தைப் படித்தாக வேண்டும். பெண்ணின் பக்கத்தில் ஒரு குத்துவிளக்கு நிற்கிறது, அது பெரிய உதவி. தேய்த்த பித்தளை, உருண்ட அடிப்பாகம். அறையில் எங்கெங்கே வெளிச்சம் இருக்கிறது என்பதெல்லாம் அதில் பதிந்திருக்கும். பெரிதாக்கிப் பார்த்தால் இடது மேல்பக்கம் நீளமான வெளிர் கட்டம் ஒன்று தெரிகிறது, அது முற்றத்து வானம். வலது பக்கம் பொட்டு அளவுக்கு மஞ்சள், அது கூடத்தில் எரியும் பல்பு. பெண்ணின் மூக்கு நிழல் வலதுபக்கமாகக் கீழே சரிகிறது, ஆகவே வெளிச்சம் ஏறத்தாழ 45 டிகிரி உயரத்திலிருந்து வருகிறது. தாத்தாவின் விரல்கள் வேட்டியில் போட்டிருக்கும் நிழலுக்கு ஓரமே இல்லை, மங்கி மங்கிக் கரைகிறது. வெயில் நேராக விழவில்லை, திறந்த வானம்தான் விளக்கு. கொஞ்சம் நீலம் கலந்த, பெரிய, மென்மையான வெளிச்சம். எதிர்ப்பக்கத்தில் சின்னதாக மஞ்சள். கீழே சிவப்புச் சிமெண்டுத் தரை.

அடுத்து அளவுகள். ஃபோட்டோஷாப்பில் `Info` பலகையில் `Lab` வைத்துக்கொண்டால் L என்று ஒரு எண் காட்டும். 0 முழுக் கருப்பு, 100 முழு வெள்ளை. வெளிச்சம் படும் இடத்தில் தாத்தாவின் வேட்டி 93. பெண்ணின் நெற்றி 62. நிழல்பக்கத் தலைமுடி 12. படத்திலேயே மிக இருண்டது பெஞ்சுக்கு அடியில் இருக்கும் இடம், அது 9. மேலே 93, கீழே 9 என்பதுதான் இந்தப் படத்தின் எல்லை. புதிதாக வரையும் எதுவும் இதைத் தாண்டக் கூடாது. கருப்பு வேண்டும் என்று வெல்வெட்டை 3-க்கு இறக்கினால் அந்த இடம் மட்டும் படத்தில் ஓட்டை போட்ட மாதிரி தெரியும்.

இனி துணி.

வெல்வெட்டை நெய்யும்போது அடித்துணிக்கு மேலே கூடுதலாக ஒரு பாவு, அதாவது நீளவாக்கு நூல், ஓடும். அது வளைந்து வளைந்து நிற்கும். அதை அறுத்துவிட்டால் நூல் நுனிகள் நிமிர்ந்து நின்று ரோமம் ஆகிவிடும். இரண்டு துணியை முகத்துக்கு முகம் சேர்த்து நெய்து நடுவில் கத்தியால் பிளக்கும் முறையும் உண்டு. எப்படிச் செய்தாலும் நாம் பார்க்கும் மேற்பரப்பு துணியின் முகம் அல்ல, நிற்கும் நூல்களின் நுனி. வெளிச்சம் அந்த நுனிகளுக்கு இடையில் புகுந்து ஒரு நூலின் பக்கவாட்டில் பட்டு, அடுத்ததில் பட்டு, இன்னும் உள்ளே போகிறது. ஒவ்வொரு முறை படும்போதும் கொஞ்சம் உறிஞ்சப்படுகிறது. ஒரு நூல் தன்மேல் விழுவதில் நூற்றுக்கு 40 பங்கைத் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முறை பட்டால் 16, மூன்று முறை பட்டால் 6 பங்குதான் மிச்சம். அதே சாயம் போட்ட பருத்தித் துணியில் பெரும்பாலும் ஒரே தடவையில் வெளியே வந்துவிடுவதால் இந்த இழப்பு இல்லை.

இதில் நிறத்துக்கும் ஒரு சங்கதி இருக்கிறது. அரக்குச் சாயம் சிவப்பை அதிகமாகவும் பச்சையையும் நீலத்தையும் கொஞ்சமாகவும் திருப்பும். இரண்டு மூன்று தடவை பட்டபின் பச்சையும் நீலமும் ஏறக்குறைய காணாமல் போய்விடும், சிவப்பு மட்டும் தங்கும். அதனால் வெல்வெட் இருண்டாலும் சாம்பல் நிறமாகாது. நிறம் இன்னும் அடர்த்தியாகத்தான் ஆகும். சாதாரணச் சிவப்புத் துணியின் வெளிச்சத்தை மட்டும் குறைத்து வெல்வெட் வரையப் பார்ப்பவர்களுக்குக் கடைசியில் கிடைப்பது அழுக்கு மெரூன்.

வெல்வெட்டின் ஓரம் ஏன் மினுங்குகிறது என்பதற்கு நடவு முடிந்த வயல்தான் சரியான உதாரணம். வயலுக்குள் நின்று காலடியைப் பார்த்தால் நாற்றுக்கு இடையில் சேறும் தண்ணீரும் தெரியும். வரப்பில் நின்று எட்டப் பார்த்தால் வயல் முழுக்கப் பச்சை. இடைவெளியே தெரியாது, நாற்றின் பக்கவாட்டுதான் கண்ணில் படும். வெல்வெட்டும் அதேதான். துணி நம்மை நேராகப் பார்க்கும் இடத்தில் ரோமங்களுக்கு நடுவில் இருக்கும் இருட்டுக்குள் பார்க்கிறோம். துணி வளைந்து திரும்பும் ஓரத்தில் ரோமங்களின் பக்கவாட்டைப் பார்க்கிறோம், அங்கே வெளிச்சம் விழுந்தால் அது நேராகத் தெரியும். ஆக, உருண்ட கையில் போட்ட வெல்வெட் நடுவில் இருட்டாகவும் ஓரத்தில் வெளுப்பாகவும் இருக்கும். பருத்திச் சட்டையில் இதற்கு நேர் எதிர். வெல்வெட் வரைவதில் பாதி வேலை இந்தத் தலைகீழைப் பிடிப்பதுதான்.

காற்றடித்தால் வயலில் பயிர் ஒருபக்கம் சாய்வதுபோல ரோமமும் ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். தையல்கார அக்கா துணியை மேசையில் போட்டு உள்ளங்கையால் தடவிக் காட்டினார். ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போகிறது, எதிர்த்திசையில் தடுக்கிறது. "எல்லாத் துண்டையும் ஒரே பக்கமா வெட்டணும். ஒரு கை மேல்பக்கமும் ஒரு கை கீழ்ப்பக்கமும் போச்சுன்னா ரெண்டு கலர் துணி போட்ட மாதிரி ஆயிடும்" என்றார். இந்தச் சட்டையில் ரோமம் மேல்நோக்கி நிற்கும்படி வெட்டியிருக்கிறார்கள். அப்படி வெட்டினால் பார்ப்பவர் கண்ணுக்கு நுனிகள்தான் தெரியும், நிறம் இன்னும் ஆழமாக இருக்கும். கீழ்நோக்கி இருந்திருந்தால் மேலிருந்து வரும் முற்றத்து வெளிச்சம் ரோமத்தின் முதுகில் பட்டுச் சட்டை முழுக்க ஒரு படி வெளுத்திருக்கும். இதைத் துணியைத் தடவிப் பார்க்காமல் சொல்ல முடியாது. தம்பிக்கு எழுதியதில் நான் முதலில் எழுதியது இதைத்தான்.

சாட்டின் பளபளப்பதற்கு நூலும் ஒரு காரணம், ஆனால் நெசவுதான் பெரிய காரணம். ஒரே பாலியெஸ்டர் நூலைச் சாதாரண நெசவில் நெய்தால் லைனிங் துணி ஆகும், சாட்டின் நெசவில் நெய்தால் வழவழவென்று மினுங்கும். சாதாரண நெசவில் பாவு நூல், குறுக்கே ஓடும் ஊடை நூலில் ஒன்றுக்கு மேலே, ஒன்றுக்குக் கீழே என்று ஏறி இறங்கும். மேற்பரப்பு முழுக்கக் குட்டிக் குட்டி மேடு பள்ளம், வெளிச்சம் எல்லாப் பக்கமும் சிதறும். சாட்டினில் பாவு நான்கு ஊடைக்கு மேலே மிதந்துபோய் ஒன்றுக்குக் கீழே மட்டும் இறங்கும். இன்னும் நெருக்கமான சாட்டினில் ஏழுக்கு மேலே, ஒன்றுக்குக் கீழே. இறங்கும் புள்ளிகளும் பக்கத்துப் பக்கத்து நூல்களில் சேர்ந்து வராமல் கலைந்து கிடக்கும்படி அமைப்பார்கள், அதனால் கோடு தெரியாது. துணிக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் நீளமான நூல்கள் ஒரே திசையில் படுத்துக் கிடப்பதுதான் தெரியும்.

ஒரே திசையில் என்பதைக் கவனியுங்கள். சாட்டின் கண்ணாடி அல்ல. கண்ணாடியை எப்படித் திருப்பி வைத்தாலும் ஒரே மாதிரிதான் பிரதிபலிக்கும். சாட்டின் துண்டை ஜன்னலோரம் விரித்து, அதே இடத்தில் 90 டிகிரி திருப்பிப் பாருங்கள். பளபளப்பு சட்டென்று அணையும், இல்லையென்றால் எரியும். ஒவ்வொரு நூலும் மெல்லிய உருளை. உருளை தன் நீளத்துக்குக் குறுக்கே வெளிச்சத்தை அகலமாக விசிறும், நீளவாக்கில் அப்படி விசிறாது. நூலின் நீளவாக்குச் சாய்வு விளக்குக்கும் கண்ணுக்கும் சரியாகப் பொருந்தும் இடத்தில் மட்டும் ஒளி நம் பக்கம் வரும். வாரிய கூந்தலில் பளபளப்பு முடிக்குக் குறுக்கே பட்டையாக விழுவதும் இதே காரணத்தால்தான்.

இந்தப் பாவாடையில் பாவு இடுப்பிலிருந்து பாதத்துக்கு ஓடுகிறது. வெளிச்சம் 45 டிகிரி மேலிருந்து, கேமரா ஏறத்தாழ நேராக. இரண்டுக்கும் நடுவில் சமமாக வர வேண்டும் என்றால் துணி வானத்தைப் பார்த்துச் சுமார் 20 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். பாவாடையில் அந்தச் சாய்வு எங்கே இருக்கிறது? இடுப்பில் சுருக்கிவிட்ட இடத்துக்குச் சற்றுக் கீழே, துணி உப்பி வெளியே வரும் இடத்தில். அங்கேதான் பளபளப்பு குவியும். அதற்குக் கீழே செங்குத்தாகத் தொங்கும் மடிப்புகளில் குறைந்துவிடும். பெரும்பாலோர் சாட்டின் பாவாடை என்றதும் இடுப்பிலிருந்து கரை வரை நெடுக வெள்ளைக் கோடுகள் போடுவார்கள். இந்த வீட்டில், இந்த வெளிச்சத்தில் அப்படி வராது.

கணக்கு சரியா என்று பார்க்க அந்த வீட்டுக்கே போனேன். அக்காவிடம் மிச்சமிருந்த வெட்டுத்துணிகளை வாங்கி, இரண்டு செம்புகளில் இழுத்துச் சுற்றிக் கட்டினேன். வெல்வெட்டை ரோமம் மேல்நோக்க, சாட்டினைப் பாவு நெட்டுக்குத்தாக. அதே தாழ்வாரத்தில், பெண் நின்ற இடத்தில், அவள் நெஞ்சு உயரத்துக்கு ஒரு முக்காலி. நேரமும் ஏறத்தாழ அதே, முற்பகல். பாவாடையை அப்படியே ஒரு ஸ்டாண்டில் இடுப்பு கட்டித் தொங்கவிட்டேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வெல்வெட்டை மட்டும் நெருங்கி எடுத்தால் கேமரா "இது இருட்டுக் காட்சி" என்று எண்ணித் தானாக வெளிச்சத்தைக் கூட்டிவிடும். அரக்கு இளஞ்சிவப்பாக வந்து நிற்கும். சாட்டினில் எதிர்ப்பக்கமாக, பச்சை கறுத்துப்போகும். போனில் எடுத்தால் நிழலைத் தானே தூக்கிவிடும் வேலையும் சேர்ந்துகொள்ளும். கேமராவில் தெரியும் காட்சிக்குள் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அந்தத் தாள் பழைய படத்தின் வேட்டி அளவுக்கு, அதாவது 93-க்கு வரும்படி எக்ஸ்போஷரைப் பூட்டிவிட்டு, இரண்டையும் அதே அமைப்பில் எடுக்க வேண்டும். அப்போதுதான் அளவுகளை ஒப்பிட முடியும்.

எடுத்ததில் கிடைத்தவை: வெல்வெட் செம்பின் நடு 14, முற்றப்பக்க ஓரம் 34, எதிர் ஓரம் 19. அதே நிறப் பருத்தித் துண்டு பக்கத்தில் இருந்தது, அதன் நடு 30. சாட்டின் செம்பில் வெளிச்சம் படும் பக்கம் 48, நிழல் 28. ஸ்டாண்டில் தொங்கிய பாவாடையில் உப்பிய இடத்துப் பளபளப்பு 80.

அந்த 80 எனக்கு முக்கியமாகப் பட்டது. சாட்டின் வெள்ளை வேட்டியைவிடப் பிரகாசமாக வரவில்லை. காரணம் விளக்கின் பரப்பு. ஃபிளாஷ் சின்ன விளக்கு. அதன் ஒளி முழுவதும் ஒரு சின்ன இடத்தில் பிரதிபலிக்கும், அது வெள்ளையைத் தாண்டி எரியும். முற்றம் பெரிய விளக்கு. அதே அளவு வெளிச்சம் அகலமான இடத்தில் பரவிப் பிரதிபலிக்கும், எந்த ஒரு புள்ளியும் எரியாது, ஓரங்களும் கரையும். அதனால் பளபளப்பின் கூர்மையைப் பார்த்தே விளக்கு சின்னதா பெரியதா என்று கண் கண்டுபிடித்துவிடும். தாத்தாவின் விரல் நிழல் மென்மையாக இருக்க, பேத்தியின் பாவாடையில் கத்தி மாதிரி வெள்ளைக் கோடு இருந்தால் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் ஏதோ உறுத்தும்.

நிறமும் அப்படியே. பாலியெஸ்டரோ பட்டோ, நூலின் மேற்பரப்பிலேயே திரும்பிவிடும் ஒளி சாயத்துக்குள் போவதில்லை. அதனால் பளபளப்பின் நிறம் துணியின் நிறமாக இருக்காது, விளக்கின் நிறமாக இருக்கும். இங்கே அது லேசான நீலம் கலந்த வெள்ளை. வலப்பக்கம் பல்பின் மஞ்சள் துளி. தரையைப் பார்த்துக் குனிந்திருக்கும் மடிப்புகளில் சிவப்புச் சிமெண்டின் சாயல் ஏறி, பச்சை அங்கே கொஞ்சம் பழுப்படிக்கும். வெல்வெட் இதையெல்லாம் கண்டுகொள்ளாது. அதன் ஓரத்து வெளுப்பு அரக்கின் வெளிறிய சாயல்தான், வெள்ளை அல்ல.

எல்லாவற்றையும் வைத்துத் தம்பிக்கு எழுதி அனுப்பியது இது:

"வெளிச்சம்: இடது மேல், 45 டிகிரி, பெரிய திறந்த வானம், லேசான நீலம். வலது பின்பக்கம் சின்ன மஞ்சள் பல்பு. குத்துவிளக்கின் அடியைப் பார்த்தால் ரெண்டும் தெரியும்.

சட்டை: அரக்கு வெல்வெட், ரோமம் மேல்நோக்கி. கேமராவை நேராகப் பார்க்கும் நெஞ்சும் கையின் நடுவும்தான் மிக இருட்டு, L 14. அங்கே பளபளப்பு எதுவும் வேண்டாம், ஆனால் சிவப்பு தெரியணும். ஒவ்வொரு கையிலும் முற்றப்பக்க ஓரம் 34 வரை வெளுக்கணும். அகலம் கையில் ஐந்தில் ஒரு பங்கு, உள்ளே போகப் போகக் கரையணும். வலது ஓரத்தில் 19, அதற்கு மேல் வேண்டாம். அக்குளிலும் கழுத்துக்குக் கீழேயும் வெளிச்சம் போகாது, அங்கே ஓரமும் கிடையாது. மடிப்பு குறைவு, இருப்பதும் மொத்தமான உருண்ட மடிப்பு.

பாவாடை: கிளிப்பச்சை சாட்டின், பாவு நெடுக. உடம்பு 48, நிழல் 28. இடுப்புச் சுருக்கத்துக்கு நாலு விரல் கீழே துணி உப்பும் இடத்தில் பளபளப்பு, ஒவ்வொரு மடிப்பிலும் இடப்பக்கச் சரிவில், அதிகபட்சம் 80. எல்லாம் சேர்ந்து குறுக்கே உடைந்த பட்டை மாதிரி வரணும், நெடுக்குக் கோடாக வேண்டாம். அதன் நிறம் வேட்டியின் வெள்ளையிலிருந்து எடு. முழங்காலுக்குக் கீழே பளபளப்பு மங்கணும். கீழ்மடிப்புகளில் தரையின் சிவப்பு கொஞ்சம். மடிப்பின் ஓரம் கூர்மை, பளபளப்பின் ஓரம் மென்மை."

"பளபளப்பான", "செழுமையான", "பகட்டான" போன்ற சொற்களை வேண்டுமென்றே எழுதவில்லை. அவற்றைப் படித்து யாரும் எதையும் வரைய முடியாது.

வந்த முதல் வடிவத்தில் பாவாடை ஓரளவு சரி, சட்டை சரியில்லை. கையின் நடுவில் நெடுக ஒரு வெளுத்த பட்டை. தம்பி போனில், "அண்ணே, உருண்ட இடம்னா மேட்டுலதானே வெளிச்சம் விழும்? நீங்க நடுவுல இருட்டுன்னு எழுதியிருக்கீங்க, தப்பா இருக்கும்னு நெனச்சேன்" என்றான். கை அவ்வளவு பழகியிருக்கிறது. வருஷக்கணக்காகப் பருத்தியும் பட்டும் வரைந்த கை. செம்பின் படத்தைத் திறந்து பார்க்கச் சொன்னேன். "அட" என்றான், அதோடு வேலை தொடங்கிவிட்டது.

அடுத்து வந்ததில் நடு இருண்டது, ஆனால் சட்டையைச் சுற்றிலும் ஒரே அளவில் வெளுத்த கோடு. அக்குளுக்குள்ளும் அதே கோடு. வெல்வெட்டுக்கு ஓரம் மினுங்கும் என்று தெரிந்தவர்கள் அடுத்து விழும் பள்ளம் இதுதான். ரோமத்தின் பக்கவாட்டு கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது, அதன்மேல் வெளிச்சமும் விழ வேண்டும். முற்றம் பார்க்க முடியாத ஓரத்தில் மினுக்கம் வராது. இதை எளிதாகச் சோதிக்கலாம்: படத்தில் அந்த ஓரத்தில் ஓர் எறும்பு உட்கார்ந்தால் அதற்கு முற்றத்து வானம் தெரியுமா? தெரியாது என்றால் கோட்டை அழி. தம்பி ஓரத்தை ஒரு தனி லேயரில் வைத்திருந்ததால் மாஸ்க் போட்டு மறைப்பது கொஞ்ச நேர வேலைதான். வேலையைப் பிரித்துக்கொண்ட விதமும் நன்றாக இருந்தது: துணியின் நிறம் ஒரு லேயர், நிழல் ஒன்று, வெல்வெட் ஓரம் ஒன்று, சாட்டின் பளபளப்பு `Screen` முறையில் ஒன்று. எதையும் கலைக்காமல் ஏற்றி இறக்கலாம்.

சரிபார்க்க நான் செய்வது இரண்டுதான். படத்தைக் கருப்பு வெள்ளையாக்கி, கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பேன். நிறம் போனபின்னும் இரண்டும் வேறு வேறு துணி என்று தெரிய வேண்டும். முதல் வடிவத்தில் சட்டையும் பாவாடையும் ஒரே ரெக்சினில் தைத்தது போலத்தான் இருந்தன. அப்புறம், படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்ப்பேன். பழகிய படம் புதிதாகத் தெரியும், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று முகம் ஒன்றும் உடை ஒன்றும் சொன்னால் உடனே பிடிபடும்.

இன்னொன்று. கடையில் வெல்வெட் என்று விற்பதெல்லாம் இப்படி நடந்துகொள்ளாது. விலை குறைந்த பாலியெஸ்டர் வெல்வெட்டில் ரோமமே மினுங்கும் நூல், நடுவிலும் லேசான மினுக்கம் இருக்கும். நசுக்கிய வெல்வெட்டில் ரோமம் திட்டுத் திட்டாக வெவ்வேறு பக்கம் சாய்ந்திருக்கும், அங்கே வெளுப்பும் இருட்டும் ஓரத்தைப் பொறுத்து வராது. தேரில் தொங்கும் பழைய தொம்பைகளைப் பார்த்தால் தெரியும், ரோமம் தேய்ந்துபோன இடத்தில் அடித்துணி தலைகாட்டி, அந்த இடம் சாதாரணத் துணி போலவே வெளிச்சம் வாங்கும். அதனால் நான் எழுதிய எண்களை வேறொரு படத்துக்கு அப்படியே எடுத்துக்கொண்டு போக முடியாது. துண்டு கையில் இருந்தால் செம்பில் சுற்றிப் பார்த்துவிடுவது நல்லது.

கடைசி வடிவத்தில் பாட்டி கேட்டது ஒரே ஒரு மாற்றம்: சட்டைக் கையில் ஜரிகைக் கரை இருந்ததாம், அது காணோம். பீரோவிலிருந்த உடையில் இருந்தது உண்மைதான், விரல் அகலத்துக்கு. ஜரிகை இரண்டிலிருந்தும் வேறுபட்டது. அது உலோகப் பூச்சு என்பதால் பளபளப்பே பொன் நிறத்தில் வரும், விளக்கின் வெள்ளையில் அல்ல. தம்பிக்கு ஒரு வரி எழுதினேன்: "குத்துவிளக்கில் வெளிர் கட்டம் விழும் இடத்து நிறத்தை எடுத்து ஜரிகைக்கு வை, முற்றப்பக்கம் மட்டும்." அது ஒரே தடவையில் அமைந்தது.

பிரிண்டில் ஒரு திருத்தம் வேண்டியிருந்தது. வழுவழுப்பில்லாத மேட் தாளில் மிக ஆழமான கருப்பு திரையில் தெரியும் அளவுக்கு இறங்காது; 9-க்கும் 14-க்கும் வித்தியாசம் தெரியாமல் இரண்டும் ஒன்றாகிவிடும். சின்ன அளவில் ஒரு சோதனைப் பிரிண்ட் போட்டுப் பார்த்தபோது சட்டையின் நடு பெஞ்சுக்கடி இருட்டோடு சேர்ந்துகொண்டது. வெல்வெட் நடுவை 14-லிருந்து 18-க்கும், ஓரத்தை 34-லிருந்து 37-க்கும் தூக்கினோம். சாட்டினைத் தொடவில்லை. சட்டத்துக்குக் கண்ணாடி போட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். அவர்கள் மாட்டப்போகும் சுவருக்கு எதிரே முற்றம் இருக்கிறது, கண்ணாடி போட்டால் அதன் வெளிச்சம் நேராக அந்த இருண்ட அரக்கின் மேல்தான் விழுந்து நிற்கும்.